ஆர்டியைப் பாதியில் உடைத்தால் கையில் நிற்கும் உண்மையான வட்டி எவ்வளவு?

என் சித்தி மகள் ஒரு நாள் வங்கி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பொருமிக்கொண்டிருந்தாள். மாதம் 5,000 ரூபாய் வீதம் 3 ஆண்டு ஆர்டி போட்டிருந்தாள். வட்டி 7 சதவீதம். திடீரென்று பணம் தேவைப்பட்டதால் 18 மாதம் முடிந்ததும் கணக்கை மூடிவிட்டாள். கட்டியது 90,000 ரூபாய், கைக்கு வந்தது 94,004 ரூபாய்.

"ஒன்றரை வருஷத்துக்கு நாலாயிரம். வருஷத்துக்கு மூணு பர்சன்ட் கூட இல்லை. இதுக்கு சேவிங்ஸ்லயே போட்டிருக்கலாம்" என்றாள்.

அவள் கணக்கு இப்படி: 4,004-ஐ 90,000-ஆல் வகுத்தால் 4.45 சதவீதம். அதை ஒன்றரை ஆண்டால் வகுத்தால் 2.97. பார்க்கச் சரியாகத்தான் தெரியும், ஆனால் தப்பு. அவளுக்கு உண்மையில் கிடைத்தது ஆண்டுக்கு சுமார் 5.6 சதவீதம். அதே நேரம், அபராதம் வெறும் ஒரு சதவீதம்தான் என்று அவள் நம்பியதும் தப்பு. இந்த இரண்டு தப்பும் எங்கே வருகிறது என்று புரிந்தால், ஆர்டியை உடைப்பதா வேண்டாமா என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். அவள் கணக்கையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதல் படி: எந்த வட்டியிலிருந்து அபராதம் கழிகிறது?

புதிதாக ஆர்டி போடுகிறவர்கள் பெரும்பாலும் நினைப்பது, ஒப்பந்த வட்டி 7, அபராதம் 1, ஆக 6 கிடைக்கும் என்று. வங்கி அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அங்கே இரண்டு வெட்டு விழுகிறது.

பணம் எத்தனை காலம் வங்கியில் இருந்ததோ, அந்தக் காலத்துக்கு உரிய வட்டிக்கு உங்களை இறக்குவார்கள். இது முதல் வெட்டு. அவள் போட்டது 3 ஆண்டுத் திட்டம், ஆனால் ஓடியது ஒன்றரை ஆண்டு. அவள் கணக்குத் திறந்த அன்று அந்த வங்கியில் ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு வரையிலான டெபாசிட்டுக்கு 6.5 சதவீதம் இருந்தது. ஆகவே அவளுக்கு உரியது இனி 7 இல்லை, 6.5. இரண்டாவது வெட்டுதான் அபராதம். அது 7-லிருந்து கழியாது, இந்த 6.5-லிருந்து கழியும். ஒரு சதவீதம் போக மீதி 5.5.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பார்க்க வேண்டியது கணக்குத் திறந்த நாளின் வட்டிப் பட்டியல், மூடுகிற நாளின் பட்டியல் இல்லை. இன்னொன்று, ஓடிய காலத்துக்கான வட்டி ஒப்பந்த வட்டியைவிடக் கூடுதலாக இருந்தால் அது உங்களுக்கு வராது. இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். சில வங்கிகளில் குறுகிய காலத்துக்கு வட்டி அதிகமாக இருக்கும் நேரங்கள் உண்டு. அப்போது பலர் லாபம் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

அபராதம் எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி எல்லாருக்கும் பொதுவாக நிர்ணயிப்பதில்லை. அந்தந்த வங்கியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் டெபாசிட் வாங்கும்போதே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் அரை சதவீதம் அல்லது ஒரு சதவீதம் இருக்கும். மாதத் தவணை ஒன்றே கட்டிவிட்டு சில வாரங்களில் மூடினால் வட்டியே தராமல் அசலை மட்டும் திருப்பித் தரும் வங்கிகளும் உண்டு.

ஆகவே கணக்குத் திறக்கிற அன்றே வங்கியின் இணையதளத்தில் உள்ள வட்டிப் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஆண்டு கழித்து அந்தப் பட்டியலைத் தேடினால் சுலபத்தில் கிடைக்காது. நானும் ஒரு முறை தேடி அலைந்தவன்தான். கிளையில் கேட்டபோது "சிஸ்டம்தான் போடுது சார்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

இரண்டாம் படி: ரூபாயில் எவ்வளவு போனது?

சதவீதத்தைப் பார்த்தால் யாருக்கும் உறைக்காது. ரூபாயாக மாற்றிப் பார்ப்போம். வங்கி ஆர்டிகளில் வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அசலோடு சேர்ந்து கூட்டு வட்டியாகிறது. அந்த முறையில் மாதம் 5,000 வீதம் 18 மாதத்துக்குக் கணக்கிட்டால் இப்படி வருகிறது.

7 சதவீதத்திலேயே கிடைத்திருந்தால் வட்டி 5,126 ரூபாய். 6.5-க்கு இறங்கும்போது அது 4,750 ஆகிறது. அபராதமும் போய் 5.5 ஆனதும் 4,004. மொத்த இழப்பு 1,122 ரூபாய். அதில் அபராதம் என்ற பெயரில் போனது 746. மீதி 376 ரூபாய்க்குப் பெயரே இல்லை. ரசீதில் "அபராதம்" என்று ஒரு வரியில் அது வராது. வட்டி குறைந்துவிட்டது, அவ்வளவுதான். பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இந்த மூன்று தொகையையும் நீங்களே போட்டுப் பார்க்க, விரிதாளில் ஒரு கட்டத்தில் இதை அடித்தால் போதும்:

```
=5000*((1+0.055/4)^6-1)/(1-(1+0.055/4)^(-1/3))
```

0.055 என்பது வட்டி, 6 என்பது காலாண்டுகளின் எண்ணிக்கை. வட்டியை 0.07 என்றும் 0.065 என்றும் மாற்றினால் மற்ற இரண்டு முதிர்வுத் தொகையும் வரும். அதிலிருந்து கட்டிய பணத்தைக் கழித்தால் வட்டி. மாதங்கள் மூன்றால் சரியாக வகுபடாவிட்டால் விடுபட்ட ஒன்றிரண்டு மாதத்தை வங்கிகள் வேறு விதமாகக் கணக்கிடலாம் என்பதால் சில ரூபாய் முன்பின்னாக இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் இங்கே வரும். ஒரு சதவீத அபராதம் என்றால் 90,000-த்தில் ஒரு சதவீதம், அதாவது 900 ரூபாயா? இல்லை, வட்டியில் ஒரு சதவீதம், அதாவது ஐம்பது ரூபாய் சொச்சமா? இரண்டும் இல்லை. ஆண்டு வட்டி வீதத்தில் ஒரு புள்ளி குறைகிறது. அதன் ரூபாய் மதிப்பு, உங்கள் பணம் எத்தனை நாள் உள்ளே இருந்தது என்பதைப் பொறுத்தது. சித்தி மகள் தப்பு செய்ததும் இந்த இடத்தில்தான்.

மூன்றாம் படி: பணம் உண்மையில் எத்தனை நாள் உள்ளே இருந்தது?

அவள் 90,000 ரூபாயை ஒன்றரை ஆண்டுக்கு வங்கியில் வைத்திருக்கவில்லை. முதல் 5,000 மட்டும்தான் 18 மாதம் இருந்தது. அடுத்த 5,000 இருந்தது 17 மாதம். அதற்கடுத்தது 16. கடைசித் தவணை ஒரே ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதப் பணத்துக்கும் ஒன்றரை ஆண்டு வட்டி வர வேண்டும் என்று கணக்குப் போட்டால் வீதம் பாதியாகத்தான் தெரியும்.

சரியான வழி, மாதங்களைக் கூட்டுவது. 18, 17, 16 என்று 1 வரை கூட்டினால் 171 வருகிறது. (18-ஐ 19-ஆல் பெருக்கிப் பாதியாக்கினாலும் அதே 171.) ஆக அவள் பணம் மொத்தமாக 5,000 ரூபாய் 171 மாதம் உழைத்ததற்குச் சமம். அதை ஆண்டாக்க 12-ஆல் வகுத்தால், 71,250 ரூபாய் ஓராண்டு முழுக்க உள்ளே இருந்ததற்குச் சமம். இனி கணக்கு எளிது. 71,250-க்கு ஓராண்டில் 4,004 வட்டி என்றால் 5.62 சதவீதம்.

இதையே ஒரே வரியில்:

```
=4004*24/(5000*18*19)
```

வட்டியை 24-ஆல் பெருக்கி, மாதத் தவணை, மாதங்கள், மாதங்கள் கூட்டல் ஒன்று ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்கிறோம். கைபேசிக் கால்குலேட்டரிலேயே முடிந்துவிடும்.

5.5 சதவீதம் என்று சொன்ன இடத்தில் 5.6 வருகிறதே என்று கேட்கலாம். வட்டி காலாண்டுக்கு ஒரு முறை கூட்டு வட்டியாவதால் வரும் சிறு கூடுதல் அது. அதே காரணத்தால் 7 சதவீத ஆர்டி முழுதாக ஓடினால் உண்மையில் தருவது ஆண்டுக்கு 7.19. ஆகவே அவள் இறங்கியது 7.19-லிருந்து 5.6-க்கு. கிட்டத்தட்ட 1.6 புள்ளி. சேமிப்புக் கணக்கில் கிடைத்திருக்கும் வட்டியைவிட நிச்சயம் மேல், ஆனால் அவள் நினைத்த ஒரு சதவீத இழப்பு இல்லை.

இந்த எளிய வாய்ப்பாடு ஒன்றிரண்டு ஆண்டு ஓடிய ஆர்டிகளுக்கு நன்றாகப் பொருந்தும். நான்கைந்து ஆண்டு ஓடியவற்றுக்குக் கூட்டு வட்டியின் கை ஓங்குவதால் சற்று மிகையாகக் காட்டும். அப்போது விரிதாளின் `XIRR`-ஐப் பயன்படுத்துங்கள். A நெடுவரிசையில் தவணை கட்டிய தேதிகள், B-யில் தொகைகள். கட்டியதெல்லாம் கழித்தல் குறியோடு, கடைசி வரியில் கைக்கு வந்த தொகை கூட்டலாக. 18 தவணையும் ஒரு வரவும் சேர்த்து 19 வரி:

```
=XIRR(B1:B19,A1:A19)
```

கழித்தல் குறி போட மறந்தால் பிழை காட்டும். தவணை தாமதமாகக் கட்டிய மாதங்களில் உண்மையான தேதியைப் போடுங்கள், தாமதக் கட்டணத்தையும் கட்டிய தொகையோடு சேருங்கள். அப்போதுதான் வருவது உண்மையான வீதம்.

மாதங்களைக் கூட்டும் இந்த முறை இன்னொன்றையும் காட்டிக் கொடுக்கிறது. அதே 5,000 ரூபாய் ஆர்டியை 6 மாதத்தில் உடைத்தால் கூட்டுத்தொகை 21. ஒரு சதவீத அபராதம் 87 ரூபாய்தான். 30 மாதத்தில் உடைத்தால் கூட்டுத்தொகை 465, அபராதம் 1,937 ரூபாய். மாதம் 5 மடங்கு, அபராதம் 22 மடங்கு. "இவ்வளவு நாள் கட்டியாச்சு, இனி உடைச்சா பெருசா என்ன போயிடும்" என்பது நேர் எதிரான எண்ணம். உடைக்கத்தான் வேண்டும் என்றால் முன்னால் உடைப்பதே மலிவு. பின்னால் போகப்போகப் பொறுத்திருப்பதுதான் மலிவு.

நான்காம் படி: உடைப்பதா, அதன் மேல் கடனா?

ஆர்டியில் எஃப்டி போலப் பாதித் தொகையை மட்டும் எடுக்கப் பொதுவாக வழியில்லை. 60,000 தேவைப்பட்டாலும் முழுக் கணக்கையும் மூட வேண்டும். ஆனால் பெரும்பாலான வங்கிகள் ஆர்டியில் சேர்ந்த தொகையில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை கடன் தருகின்றன. வட்டி ஆர்டி வட்டியைவிட ஒன்றோ இரண்டோ சதவீதம் கூடுதலாக இருக்கும்.

சித்தி மகளுக்குத் தேவைப்பட்டது 60,000. அவளுக்குக் கடன் 9 சதவீதத்தில் கிடைத்திருக்கும். "ஒன்பது பர்சன்ட் வட்டியா" என்று பயந்து ஆர்டியை உடைத்துவிட்டாள். ஆனால் கடன் வாங்கினால் ஆர்டி சாகாது. அந்த 60,000-மும் உள்ளே 7 சதவீதம் சம்பாதித்துக்கொண்டே இருக்கும். உண்மையான செலவு 9 இல்லை, இடைவெளியான 2 சதவீதம் மட்டுமே. 60,000-க்கு ஆண்டுக்கு 1,200, மாதத்துக்கு 100 ரூபாய்.

உடைத்ததால் போனது 1,122 என்று முன்பே பார்த்தோம். மாதம் 100 வீதம் அது 11 மாதச் செலவு. 11 மாதத்துக்குள் கடனை அடைத்துவிட முடியும் என்றால் கடனே மலிவு. அவளுக்கு மூன்றாம் மாதம் ஒரு சீட்டு எடுக்கும் முறை வந்தது. அதை வைத்துக் கடனை அடைத்திருந்தால் மொத்தச் செலவு 300 ரூபாயோடு முடிந்திருக்கும்.

கடனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதத் தவணை 5,000-ஐ நிறுத்தாமல் கட்ட வேண்டும், அதற்கு மேல் கடன் வட்டியும் சேரும். வேலை போனதால் பணம் தேவைப்படுகிறது என்றால் இந்த வழி உதவாது. தவணை தவறினால் தாமதக் கட்டணம் சேரும், தொடர்ந்து தவறினால் வங்கியே கணக்கை மூடிவிடவும் கூடும். வருமானம் நிற்கவில்லை, ஒரு பெரிய செலவு மட்டும் குறுக்கே வந்துவிட்டது என்றால்தான் கடன் பொருந்தும்.

புதிதாகப் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, 5,000-த்தை ஒரே ஆர்டியாகப் போடாமல் 2,000 ஒன்று, 3,000 ஒன்று என்று இரண்டாகப் போடுங்கள். வட்டி அதேதான். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றது 7 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அஞ்சலக ஆர்டி வேறு கதை

மேலே சொன்னதெல்லாம் வங்கிக்கு. அஞ்சலகத்தில் இதே பழக்கத்தோடு போய் நின்றால் நன்றாக அடிபடுவீர்கள்.

அஞ்சலக ஆர்டி 5 ஆண்டு, அதாவது 60 தவணை. 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமாக்கப்பட்டது. கணக்குத் திறக்கும்போது உள்ள வட்டிதான் கடைசிவரை. மூன்று ஆண்டு முடிவதற்குள் மூடவே முடியாது. முன்கூட்டித் தவணை கட்டியிருந்தால் அந்த மாதங்கள் கடக்கும் வரையிலும் மூட முடியாது. மூன்று ஆண்டுக்குப் பிறகு மூடலாம், ஆனால் அப்போது அபராதம் என்று ஒரு புள்ளி, அரைப் புள்ளி கழிப்பதில்லை. மொத்தப் பணத்துக்கும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டியைத்தான் தருவார்கள். அது 4 சதவீதம்.

மாதம் 5,000 வீதம் 36 மாதம் கட்டி மூடினால் வட்டி 11 ஆயிரம் சொச்சம் வரும். 6.7-ல் அதுவரை சேர்ந்திருக்க வேண்டியது 19,746.

மோசமான இடம் அதுவும் இல்லை. முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும் இதே 4 சதவீதம்தான். 58 தவணை கட்டிய ஒருவர் அவசரம் என்று மூடினால் வட்டியாகக் கிடைப்பது 30,000-த்தைக்கூட எட்டாது. இன்னும் இரண்டு தவணை கட்டி 60-ஐ முடித்தால் முதிர்வுத் தொகை 3,56,830. அதில் வட்டி 56,830. இரண்டு மாதப் பொறுமைக்கு 26 ஆயிரத்துக்கு மேல். கவுன்ட்டரில் இருப்பவர் இதைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், படிவத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

இங்கேயும் கடன் உண்டு. 12 தவணை கட்டி, கணக்கு ஓராண்டு ஓடியிருந்தால், சேர்ந்த தொகையில் பாதி வரை. வட்டி ஆர்டி வட்டியோடு 2 சதவீதம், அதாவது 8.7. அந்த 58-ஆம் மாத நபருக்குக் கட்டிய பணத்தில் பாதி, 1,45,000 கடனாகக் கிடைத்தால், இரண்டு மாதத்துக்கு வட்டி சுமார் 2,100 ரூபாய். 26 ஆயிரத்தைக் காப்பாற்ற 2,100. இந்த இடத்தில் யோசிக்கவே தேவையில்லை. தேவைப்படுவது பாதிக்கும் மேல் என்றால், மீதிக்கு நகைக்கடன் வாங்கினால்கூட லாபம்தான்.

ஐந்தாம் படி: வரி போக மீதி

ஆர்டி வட்டி முழுதும் உங்கள் வருமானத்தோடு சேரும், உங்கள் வரி விகிதத்தில் வரி விழும். சித்தி மகள் 30 சதவீத வரம்பில் இருப்பவள். செஸ்ஸோடு சேர்த்து 31.2. 4,004-ல் 1,249 வரிக்குப் போக 2,755 மீதி. அதையும் அதே 71,250-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 3.9 சதவீதம்தான். முழுதாக ஓடியிருந்தாலும் வரி போக 5 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு அந்த 5.6 அப்படியே கையில்.

வட்டியிலேயே வரி பிடிப்பது வேறு விஷயம். 2015 ஜூனிலிருந்து ஆர்டி வட்டிக்கும் டிடிஎஸ் உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து ஒரே வங்கியில் உங்கள் டெபாசிட்டுகளின் வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள். அவளுடைய 4,004 தனியாக அந்தப் பக்கமே போகாது. ஆனால் பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என்று ஆகாது.

இதில் ஒரு சிறிய பொறி இருக்கிறது. மார்ச் மாதம் வரை சேர்ந்த வட்டியை வங்கி 7 சதவீதக் கணக்கில் காட்டியிருக்கும், நீங்களும் அதை வருமான வரிக் கணக்கில் சேர்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டு உடைக்கும்போது மொத்த வட்டியே குறைந்துவிடுகிறது. ஆகவே மூடும்போது வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்கி, இரண்டு ஆண்டும் சேர்த்து 4,004-க்கு மேல் வரி கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடும் நாளில் என்ன பார்ப்பது

இணைய வங்கியில் மூடினால், கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் ஒரு பக்கம் வரும். அதில் கிடைக்கப்போகும் தொகையும் பொருந்தும் வட்டியும் இருக்கும். பாஸ்புக்கில் அச்சாகியிருக்கும் முதிர்வுத் தொகையோடு அதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், அது 36 தவணையும் கட்டினால் வரும் தொகை. திரையில் உள்ள வட்டித் தொகையைக் கால்குலேட்டரில் நம் ஒற்றை வரி வாய்ப்பாட்டில் போடுங்கள். வருவது, நீங்கள் எதிர்பார்த்த வீதத்தைவிட ஒரு துளி கூடுதலாக, 5.5-க்கு 5.6 என்பது போல இருந்தால் சரி.

எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஏதோ ஒரு மாதத் தவணை கணக்கில் பணம் இல்லாமல் தாமதமாக விழுந்து தாமதக் கட்டணம் கழிந்திருக்கும். அல்லது வேறு டெபாசிட்டுகளும் சேர்ந்து டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். அல்லது ஓடிய காலத்தைத் தவறான படிக்கட்டில் வைத்திருப்பார்கள். இந்த மூன்றாவதுதான் சண்டை போட வேண்டியது. ஓராண்டு முடிய ஓரிரு நாள் இருக்கும்போது மூடினால் கணக்கு ஓராண்டுக்குக் குறைவான படியில் விழும், வட்டி சட்டென்று இறங்கும். அது தவறில்லை, அவசரம்தான். நான்கு நாள் தள்ளி மூடியிருந்தால் மேல் படி கிடைத்திருக்கும். ஆனால் 18 மாதம் ஓடிய கணக்குக்கு ஓராண்டுக்குக் குறைந்த படி போட்டிருந்தால், திறந்த நாளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சித்தி மகளுடைய ரசீதில் அப்படி எதுவும் இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் இப்போது 2,000-த்துக்கு ஒன்றும் 3,000-த்துக்கு ஒன்றுமாக இரண்டு ஆர்டி போட்டிருக்கிறாள்.